முதல் மணியே உச்சமா? அப்படியானால் ஷட்டர் லேட்டாக ஏறுகிறது

கடைக்கு நேரம் குறிப்பதில் பலரும் செய்வது ஒன்றுதான். பக்கத்துக் கடை எப்போது திறக்கிறதோ அப்போது திறப்பார்கள். ராத்திரி அவர்கள் பூட்டின பிறகு பூட்டுவார்கள். லீவு என்றால் ஞாயிற்றுக்கிழமை. எந்த மணியில் என்ன விற்கிறது என்று நாலு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தப்பாக இருக்கும்.

எல்லாக் கடைக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பிடி கிடைக்காது. அதனால் ஒரு வகைக் கடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஆனையூர், திருப்பாலை மாதிரி வீடுகள் பெருகிவரும் பகுதியில் ஒரு எலக்ட்ரிகல், பிளம்பிங் கடை. முதலாளி ஒருவர், வேலைக்கு ஒரு பையன். காலை 9 மணிக்குத் திறந்து ராத்திரி 9.30-க்குப் பூட்டு, ஞாயிறு லீவு. கீழே வரும் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடையில் வேறாக இருக்கும், கணக்குப் போடும் விதம் மாறாது.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்? ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மணி: 9-10, 10-11 என்று. ஒவ்வொரு மணிக்கும் எதிரே மூன்று கட்டம். முதல் கட்டத்தில் பில் தொகைகள். இரண்டாவதில் வந்தவர் யார் என்று ஓர் எழுத்து: பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் என்றால் ‘வே’, வீட்டுக்காரர் என்றால் ‘வீ’. மூன்றாவதில், கேட்ட சாமான் இல்லை என்று திருப்பி அனுப்பியவர்களுக்கு ஒரு கோடு. பக்கத்தின் தலையில் தேதி, கிழமை, அன்றைக்கு ஏதாவது விசேஷம் இருந்தால் அதுவும்: அமாவாசை, முகூர்த்தம், மழை, பகல் முழுக்க கரண்ட் கட்.

இந்த ‘வே’, ‘வீ’ எழுத்துதான் பின்னால் முடிவைத் தீர்மானிக்கப்போகிறது. அதை எழுதச் சோம்பல்பட்டால் மிச்சம் எழுதியதில் பாதி வீண்.

எழுதும்போது ஒரு விதியை மட்டும் விடக்கூடாது. சாமான் கடையை விட்டுப் போகும் நேரம்தான் விற்பனை நேரம். பணம் வந்த நேரம் அல்ல. வாடிக்கையான பிளம்பர் காலையில் வந்து, “அண்ணே, முக்கால் இஞ்ச் எல்போ நாலு, எம்டிஏ ரெண்டு, ஒரு சொல்யூஷன், கணக்குல எழுதிக்கங்க” என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கடனை முதலாளி ராத்திரி 8.30-க்கு உட்கார்ந்து நோட்டில் ஏற்றுவார். வீட்டுக்காரரிடம் கூலி வாங்கிய பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் பிளம்பர் மொத்தமாக ஜிபே செய்வார். ஏற்றிய நேரத்தை வைத்தால் ராத்திரி வியாபாரம் பிரமாதமாகத் தெரியும். பணம் வந்த நேரத்தை வைத்தால் சனிக்கிழமை சாயங்காலம் திருவிழாவாகத் தெரியும். இரண்டும் பொய். ஜிபே, போன்பே வரலாற்றை மட்டும் எடுத்து மணிக்கணக்குப் போடுகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான்.

பில் போடும் கம்ப்யூட்டர் இருந்தால் வேலை சுலபம். விற்பனைப் பட்டியலை எக்செலில் இறக்கி, A-யில் கிழமை, B-யில் பில் நேரம், C-யில் தொகை என்று வைத்துக்கொண்டு, D-யில் மணியைப் பிரித்தால் போதும்.

```
D2:  =HOUR(B2)
=SUMIFS(C:C,A:A,"Tue",D:D,9)
```

இரண்டாவது வரி செவ்வாய்க்கிழமைகளில் 9-லிருந்து 10-க்குள் விற்றதை எல்லாம் கூட்டித் தரும். சாயங்கால பில்கள் 6:15 என்று PM இல்லாமல் இறங்கியிருந்தால் அவை காலை 6 மணியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடை திறக்காத நேரத்தில் விற்பனை காட்டினால் இதுதான் காரணம்.

நாலு வாரம் எழுதினால் ஒவ்வொரு கிழமையிலும் ஒரு மணிக்கு நாலு தொகை கிடைக்கும். அவற்றை அப்படியே சராசரி எடுக்கக்கூடாது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் 2.30-க்கு யாரோ 14,000 ரூபாய்க்கு மோட்டார் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். அந்த ஒரே பில்லால் அந்த மணி பொன்னாக விளைகிற மணி போலத் தெரியும். நாலில் பெரியதையும் சிறியதையும் அடித்துவிட்டு, நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை வைத்துக்கொள்வது நல்லது. அமாவாசையும் இதிலேயே அடிபட்டுப் போகும். அன்றைக்குப் பல ஆசாரிகளும் கொத்தனார்களும் வேலைக்குப் போகமாட்டார்கள், கடையில் ‘வே’ குறையும்; மாதாமாதம் வேறு கிழமையில் வருவதால் அது ஒரு கிழமையை அநியாயமாகக் கெடுத்துக் காட்டும்.

எந்த மாதத்தில் எழுதுவது என்பதும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பும் ரிப்பேருமாக எகிறும். சித்திரைத் திருவிழா நாட்களில், முக்கியமாக அழகர் ஆற்றில் இறங்குவதை ஒட்டிய நாட்களில், ஊரின் நடமாட்டமே வேறு மாதிரி. இவற்றைத் தவிர்த்த சாதாரண நாலு வாரம் வேண்டும்.

இனி நோட்டில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். நம் கடையில் ஒரு நாளைக்குச் சராசரி 16,950 ரூபாய். காலை 9-10 மணியில் 2,600, அதுதான் நாளிலேயே பெரிய மணி. பிறகு கொஞ்சம் இறங்கி, 11-12-ல் 2,200. பிளம்பர் காலையில் வாங்கியதில் விட்டுப்போன சாமானுக்கு ஓடி வருகிற நேரம் அது. 12-1-ல் 1,100. மத்தியானம் 1-லிருந்து 4 வரை மூன்று மணி நேரமும் சேர்த்தே 1,500. 4-5-ல் 1,000. சாயங்காலம் 6-7 மணி 2,100. ராத்திரி 8-லிருந்து 8.30 வரை 650, அதற்குப் பிறகு பூட்டும் வரை 400.

முதலில் கண்ணில் பட வேண்டியது மத்தியானம் அல்ல, 9-10. திறந்த முதல் மணியே நாளின் உச்சமாக இருந்தால், வாடிக்கை கடைக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த மணியின் 14 பில்லில் 6 பில் 9-லிருந்து 9.15-க்குள் விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பையன் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் மூன்று பைக் நிற்கும். ஒருவர் கையில் சாம்பிளுக்கு உடைந்த டேப் இருக்கும். அவர் 8 மணிக்கே வேலைக்கு வந்தவர், சாமானுக்காகக் காத்திருக்கிறார். அவரைப் போல வந்து, பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? நோட்டில் அது வராது. பூட்டிய நேரத்தின் கட்டம் காலியாக இருப்பதால் அங்கே வியாபாரம் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. திறந்து பார்த்தால்தான் தெரியும்.

திறந்து பார்க்கும் சோதனைக்கு ஆறு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். ஆட்களுக்கு இன்னும் விஷயம் தெரிந்திருக்காது. ஷட்டரில் பெரிய எழுத்தில் நேரத்தை எழுதுங்கள், கூகுள் மேப்பில் மாற்றுங்கள், வாடிக்கையான இருபது வேலைக்காரர்களுக்கு நேரில் சொல்லுங்கள். 8 மணி என்றால் 8 மணி. இரண்டு தடவை 8.20-க்குத் திறந்த கடைக்கு மூன்றாவது தடவை யாரும் 8-க்கு வரமாட்டார்கள்; சோதனை அங்கேயே செத்துப்போகும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை பார்த்தால், 8-9 மணியில் 2,300 வருகிறது. உடனே துள்ளக்கூடாது. அதே வாரங்களில் 9-10 மணி 2,600-லிருந்து 1,500-க்கு இறங்கியிருக்கிறது. 9-க்கு வந்துகொண்டிருந்தவர்களே இப்போது 8-க்கு வருகிறார்கள். ஆக நிஜமாகக் கூடியது 1,200. ஆனால் 11-12 மணியும் பார்க்க வேண்டும். அது 300 ஏறியிருக்கிறது, ஏனென்றால் காலையில் புதிதாக வந்தவர்களும் விட்டுப்போன எல்போவுக்கு இங்கேதான் திரும்பி வருகிறார்கள். மொத்தம் 1,500. புது மணியின் விற்பனையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எப்போதும் நாள் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

1,500 ரூபாய் விற்பனைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறப்பது கட்டுமா? ஒரு மணி திறந்து வைக்க என்ன செலவு என்று முதலில் போட வேண்டும். பையன் கூலி நாளுக்கு 500 என்றால் 8 மணிக்கு வகுத்து ஏறக்குறைய 60. லைட், ஃபேன் 10. முதலாளியின் நேரத்துக்கும் ஒரு விலை வைக்க வேண்டும். 100 என்று வைப்போம். ஆக 170. வாடகையை இதில் சேர்க்காதீர்கள், பூட்டினாலும் திறந்தாலும் அது அதேதான். சாமான் எல்லாம் கலந்து நூற்றுக்கு 18 ரூபாய் நிற்கிறது என்றால், 170 ரூபாய் தேற ஏறக்குறைய 950 ரூபாய்க்கு விற்க வேண்டும். இந்த 950-தான் நம் கடையின் கோடு. மேலே இருக்கும் மணி கட்டும், கீழே இருப்பது யோசனைக்குரியது. பையனுக்கு மாதச் சம்பளம், மணி குறைத்தாலும் அதே சம்பளம் என்றால் 60 ரூபாயை எடுத்துவிட்டுப் போடுங்கள். கோடு 600 பக்கம் இறங்கிவிடும்.

இந்தக் கோட்டின்படி காலை 8-9 தேறுகிறது. இன்னும் முன்னால் 7-க்குத் திறக்கலாமா என்றால், 8-லிருந்து 8.15-க்குள் எத்தனை பில் என்று பாருங்கள். 12-ல் 2 என்றால் வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேறாதவை மத்தியானம் 1-லிருந்து 4 வரை, ராத்திரி 8.30-க்குப் பிறகு. மத்தியானம் பூட்டுவது மதுரைக்குப் புதிது இல்லை. மீனாட்சி அம்மன் கோவிலே 12.30-க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கிறது. ஆனால் நம் கடையில் அந்த நேரத்தில் வருவது யார் என்று எழுத்தைப் பார்க்க வேண்டும். ‘வீ’ என்றால் பல்பு வாங்க வந்தவர், சாயங்காலம் வருவார். ‘வே’ என்றால் பைப்பை அறுத்துப் போட்டுவிட்டு நிற்பவர், காத்திருக்க முடியாது. அவர் வேறு கடைக்குப் போனால், நாளைக் காலை லிஸ்ட்டும் அந்தக் கடைக்கே போகும். அந்த இழப்பு 1,500-க்குள் அடங்காது. மத்தியான பில்களில் ‘வே’ பாதிக்கு மேல் இருந்தால் பூட்டாதீர்கள், முதலாளி ஒருவரே உட்காருங்கள். மூன்றில் ஒன்றுக்குக் கீழே என்றால் பூட்டலாம், ஷட்டரில் போன் நம்பரோடு. வீடு கடைக்கு மேலேயே இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

நம் கடையில் ‘வே’ குறைவு, 1-லிருந்து 4 வரை பூட்டிப் பார்க்கிறோம். காலை மாற்றம் நிலைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் என்று தெரியாது. ராத்திரி 8.30-க்குப் பூட்டு. போனது 1,500-ம் 400-ம், மொத்தம் 1,900. ஆனால் 4-5 மணி 1,000-லிருந்து 1,600-க்கு ஏறுகிறது. காலையில் கூடிய 1,500-ஐயும் சேர்த்தால் நாள் மொத்தம் 17,150. பழையதைவிட 200 கூடுதல். திறந்திருக்கும் நேரமோ பன்னிரண்டரையிலிருந்து ஒன்பதரைக்கு இறங்கிவிட்டது.

பையனின் நேரத்துக்கும் இது பொருந்துகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி ஒருவருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. நாலு மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் ஒரு மணி ஓய்வு கொடுக்க வேண்டும். வந்ததிலிருந்து வீட்டுக்குப் போகும் வரை ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. காலை 8-லிருந்து 12, சாயங்காலம் 4-லிருந்து 8 என்று வைத்தால் மூன்றும் சரியாக அமைகிறது. 12-1 மணியையும் கடைசி அரை மணியையும் முதலாளி பார்த்துக்கொள்கிறார். முன்னால் காலை 9-லிருந்து ராத்திரி 9.30 வரை ஒரே பையனை வைத்து ஓட்டியது சட்டப்படி சரியே இல்லை.

இனி லீவு நாள். கிழமைக் கணக்கைப் பார்த்தால் சனி 19,600, திங்கள் 18,500, புதன், வியாழன் 17,000-ஐ ஒட்டி, வெள்ளி 15,600. செவ்வாய்தான் கடைசி, 14,200. செவ்வாய்க்கிழமை புதுவேலை தொடங்க மாட்டார்கள் என்பது நம் பக்கத்தில் தெரிந்ததுதான். கொத்து வேலைக்காரர்களில் பலருக்கு ஞாயிறு ஓய்வு. ஆனால் வீட்டுக்காரர்கள் ஒழுகும் குழாயைக் கவனிப்பது ஞாயிறு காலையில்தான். அப்படியானால் ஞாயிறு திறந்து செவ்வாய் பூட்டலாமா?

சோதனை செய்யலாம், ஆனால் அவசரப்பட முடியாது. அதே சட்டம், கடை வாரத்தில் ஒரு நாள் முழுக்கப் பூட்டியிருக்க வேண்டும், அந்த நாளை எழுதிக் கடையில் பார்வையாக மாட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் வந்த அரசாணை வருடம் முழுக்கத் திறக்க அனுமதி கொடுத்தது 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கு. ஒரு பையன் இருக்கும் கடைக்கு அது ஆகாது. ஆகவே மாற்றினால் மூன்று மாதம் அதோடு இருக்க வேண்டும். சோதனைக்கும் அவ்வளவு காலம் வேண்டியதுதான். லீவை ஒரு வாரம் இப்படியும் அடுத்த வாரம் அப்படியும் வைத்தால் வாடிக்கைக்காரர் என்றைக்குப் பூட்டு என்றே தெரியாமல் இரண்டு நாளும் வரமாட்டார்.

ஞாயிறு காலை 8-லிருந்து 1 வரை மட்டும் திறந்து, செவ்வாய் பூட்டி, கடைசி எட்டு வாரக் கணக்கை எடுக்கிறோம். ஞாயிறு 12,500 வருகிறது. செவ்வாயின் 14,200-ஐவிடக் குறைவு, ஆகவே பழையபடி ஞாயிறு லீவே சரி என்று நிறுத்திவிட்டால் தப்பு. நாளை நாளோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. வாரத்தை வாரத்தோடு ஒப்பிட வேண்டும். திங்கள் முன்னால் 18,500 இருந்ததே ஞாயிறு பூட்டியதால் தேங்கி வந்த வியாபாரத்தைச் சேர்த்துத்தான். இப்போது அது 1,900 இறங்குகிறது. சனி 500 குறைகிறது. செவ்வாயில் தேங்கியது புதனுக்கு வருகிறது, புதன் 3,500 ஏறுகிறது. எல்லாம் கூட்டிக் கழித்தால் வார மொத்தம் 600 ரூபாய் குறைவு. லட்சம் ரூபாய் வார வியாபாரத்தில் அது சமம் என்றே கொள்ளலாம்.

இங்கே மறுபடி ‘வே’, ‘வீ’ எழுத்துக்கு வருகிறோம். செவ்வாயும் புதனும் பெரும்பாலும் ‘வே’: தள்ளுபடி கொடுத்து, கடனில் போகும் சாமான், நூற்றுக்கு 15 நிற்கும். ஞாயிறு பெரும்பாலும் ‘வீ’: போட்ட விலை, கைமேல் காசு, 24 நிற்கும். ஞாயிறின் 12,500-இல் 3,000 நிற்கிறது. இழந்த செவ்வாயின் 14,200-இல் நின்றது 2,130-தான். மற்ற நாட்களின் ஏற்ற இறக்கத்தையும் இதே மாதிரி போட்டுச் சேர்த்தால், விற்பனை 600 குறைந்தும் வாரத்துக்குக் கையில் நிற்பது ஏறக்குறைய 900 கூடுகிறது. திறந்திருக்கும் நேரம் நாலரை மணி குறைகிறது.

இன்னொரு லாபம் நோட்டில் வராது. டவுனுக்குள் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு பூட்டியிருக்கும். ஞாயிறு லீவு விட்டவர் சரக்கு எடுக்க வியாபார நாளில் கடையைப் பையனிடம் விட்டுப் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ‘இல்லை’ கோடுகள் கூடியிருக்கிறதா என்று மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். சாமான் ரேக்கில் இருக்கும், பையனுக்கு எடுக்கத் தெரிந்திருக்காது. செவ்வாய் லீவு என்றால் கொள்முதல், பேங்க் இரண்டும் அன்றைக்கே முடியும். பதிலுக்கு இழப்பதும் உண்டு. ஞாயிறு முகூர்த்தம் என்றால் கல்யாணத்துக்குப் போக முடியாது, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலைநேரம் கடையில் போகும். வாரம் 900 ரூபாய் அதற்கு ஈடா என்பதைக் கல்லாவில் உட்காருபவர்தான் சொல்ல வேண்டும். வித்தியாசம் 300, 400 என்றால் ஞாயிறே லீவாக இருக்கட்டும் என்பது எங்கள் பக்கம்.

இதே கணக்கை மளிகைக் கடைக்கோ கறிக்கடைக்கோ அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கறிக்கடைக்கு ஞாயிறுதான் வாரமே. மளிகைக்கு மாதத்தின் முதல் பத்து நாளும் கடைசிப் பத்து நாளும் இரண்டு வேறு கடை மாதிரி. அங்கே நாலு வாரத்தைக் கிழமை வாரியாகப் பிரிப்பதோடு, மாதத் தொடக்கம், மாதக் கடைசி என்றும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரம் முடிவான பிறகும் நோட்டை மூட்டை கட்டிவிட வேண்டாம். வருடத்தில் இரண்டு தடவை, இரண்டு இரண்டு வாரம் எழுதினால் போதும். பக்கத்தில் புது அபார்ட்மெண்ட் எழும்பினால் ‘வே’ கூடும். அதில் ஆள் குடியேறின பிறகு ‘வே’ குறைந்து ‘வீ’ கூடும், கூட்டம் காலை 8-லிருந்து சாயங்காலம் 7-க்கு நகரும். முதல் பதினைந்து நிமிடத்தின் பில்களையும் கடைசி பதினைந்து நிமிடத்தின் பில்களையும் மட்டும் அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். கூட்டம் நகர்வது முதலில் அந்த இரண்டு ஓரத்தில்தான் தெரியும்.